காய்ச்சிய எண்ணெய் வேண்டாம், கிண்ணத்தில் ஒரே எண்ணெய் போதும்

கேள்வி: என் பெண் குழந்தைக்குப் பத்து வாரம் ஆகிறது. நல்லெண்ணெயில் ஓமம், மிளகு, பூண்டு, வெற்றிலை எல்லாம் போட்டுக் காய்ச்சி, இறக்கும்போது கற்பூரம் பொடித்துப் போட்டு, அதைத்தான் என் மாமியார் தினமும் உடம்பு முழுக்கத் தேய்க்கிறார். நாலாம் நாளிலிருந்து மார்பிலும் கை மடிப்பிலும் சொரசொரவென்று பொடிப்பொடியாக இருக்கிறது. ‘எண்ணெய் பழகும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்’ என்கிறார். எந்த எண்ணெய் நல்லது? ஒத்துக்கொள்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அவர் மனம் நோகாமல் இதைச் செய்ய வேண்டும் என்பதும் என் கவலை.

பதில்:

அம்மா, அந்தக் கிண்ணத்து எண்ணெயை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மற்ற பொருட்களைப் பற்றி நிதானமாகப் பேசலாம், கற்பூரத்துக்கு மட்டும் அவகாசம் கிடையாது. அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். உள்ளே போனதை முறித்து வெளியேற்றும் திறன் பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் முழுதாக வரவில்லை. அளவு மிஞ்சினால் அது நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பு வரவைக்கும். குழந்தைக்குக் காரணமில்லாத வாந்தி, வழக்கத்தை மீறிய தூக்கம், எழுப்பினால் சரியாக விழிக்காமை, கை கால் வெட்டி இழுத்தல், மூச்சுத் திணறல் என ஏதாவது இருந்தால் இதைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கிண்ணத்தில் என்னென்ன போட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாள், முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்றால் பதற வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில், மணமில்லாத மென்மையான சோப்பு கொஞ்சமாகப் போட்டு ஒரு முறை குளிப்பாட்டி, தோலில் இருக்கும் எண்ணெயை எடுத்துவிடுங்கள். கை மடிப்பு, கழுத்து மடிப்பு, அக்குள் எல்லாவற்றையும் ஈரம் போகத் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். அடுத்த சில நாட்களுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். எரிச்சலால் வந்த பொடி என்றால் காரணத்தை எடுத்ததும் மெல்ல அடங்கத் தொடங்கும். மூன்று நான்கு நாளாகியும் அடங்கவில்லை, நீர் கோத்திருக்கிறது, சீழ் வைக்கிறது, தொட்டால் குழந்தை அழுகிறாள், காய்ச்சல் இருக்கிறது என்றால் நேரில் ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். எழுத்தில் படித்து நான் சொல்வது அதற்கு ஈடாகாது.

‘பழகும் வரை அப்படித்தான்’ என்ற பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஆனால் தோலில் வருகிற ஒவ்வாமை நேர்மாறாக நடக்கும். ஒரு பொருளைத் தோல் ஒரு முறை ‘வேண்டாதது’ என்று அடையாளம் கண்டுகொண்டால், அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாக எதிர்க்கும். ஒவ்வாமை இல்லை, வெறும் காரத்தால் வந்த எரிச்சல்தான் என்று வைத்துக்கொண்டாலும், புண்ணான தோலின் மேல் அதே காரத்தை மறுநாளும் தேய்த்தால் அது எப்படி ஆறும்?

மூலிகை நல்லதுதானே, இயற்கைதானே என்று உங்கள் மாமியார் கேட்பார். கேட்பது நியாயம்தான். ஓமத்தையோ மிளகையோ எண்ணெயில் போட்டுக் காய்ச்சும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவற்றின் வாசனையும் உறைப்பும் கொழுப்பில் கரையும் பொருட்கள். தண்ணீரில் போட்டால் கொஞ்சம்தான் இறங்கும், சூடான எண்ணெயில் போட்டால் நன்றாகவே இறங்கும். அப்படி இறங்கியதைத் தோலோடு நீண்ட நேரம் ஒட்டவைக்கவும் அந்த எண்ணெயே உதவுகிறது. பெரியவர்கள் மூட்டில் தடவும்போது ‘சுள்ளென்று இறங்குகிறது’ என்று சொல்கிறோமே, அந்தச் சுள்ளென்றதுதான் எரிச்சல். நம் தோல் அதைத் தாங்கும். பத்து வாரக் குழந்தையின் மேல்தோல் மெல்லியது. எடைக்கு எடை பார்த்தால் அதன் உடல் பரப்பு நம்முடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். உடம்பு முழுக்கத் தேய்க்கும்போது ஒரு கிலோ எடைக்கு உள்ளே போகிற அளவும் அந்தக் கணக்கில் கூடும். அதோடு காய்ச்சுகிற எண்ணெய்க்கு அளவு என்று ஒன்றும் கிடையாது. போன தடவை எவ்வளவு ஓமம், இந்தத் தடவை எவ்வளவு, எத்தனை நேரம் கொதித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தடவை ஒத்துக்கொண்டதால் அடுத்த தடவை காய்ச்சியதும் ஒத்துக்கொள்ளும் என்ற உறுதி இல்லை.

பூண்டு பச்சையாகப் பட்டால் குழந்தையின் தோல் வெந்து கொப்புளம் போடலாம். காய்ச்சியதில் அந்த வேகம் குறைவு, ஆனாலும் வேண்டாம். நீலகிரித் தைலம், புதினா உப்பு, சளிக்குத் தடவும் களிம்புகள் எல்லாவற்றையும் கற்பூரத்தின் வரிசையில்தான் நான் வைக்கிறேன். முகத்தருகே, மூக்கருகே தடவினால் சிறு குழந்தைக்குக் குரல்வளை இறுகி மூச்சு முட்டலாம். கடுகெண்ணெயின் காரமும் இந்தத் தோலுக்கு ஆகாது. மஞ்சளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிறந்த முதல் சில வாரங்களில் மஞ்சள் குழைத்த எண்ணெயைத் தேய்த்தால் தோலே மஞ்சளாகத் தெரியும். குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருகிற நாட்களும் அவைதான். எது எண்ணெயின் மஞ்சள், எது உடம்பின் மஞ்சள் என்று தாய்க்கும் தெரியாது, பார்க்கிற எனக்கும் சட்டென்று தெரியாது. வேப்பெண்ணெயையோ வசம்பையோ உள்ளுக்குக் கொடுப்பது ஆபத்து. உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வேப்பெண்ணெய் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

சரி, எந்த எண்ணெய்? தேய்க்கிற எண்ணெயை மருந்து என்று நினைப்பதை விட்டுவிட்டால் இந்தக் கேள்வி சுலபமாகிவிடும். குழந்தையின் தோலில் கை இழுபடாமல் வழுக்கிப் போக வேண்டும், எண்ணெய்க்கு அவ்வளவுதான் வேலை. அந்த வேலைக்கு ஒரே ஒரு பொருள் போதும். புட்டியில் பெயர் ஒன்றுதான் இருக்க வேண்டும், ‘வாசனை சேர்க்கப்பட்டது’, ‘மூலிகை கலந்தது’ என்று எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் குழந்தைக்கு நான் முதலில் சொல்வது சமையலுக்கு வாங்குகிற சாதாரணத் தேங்காய் எண்ணெய். அது இல்லையென்றால் சமையல் சூரியகாந்தி எண்ணெய். தலைக்குத் தடவுகிற வாசனைத் தேங்காய் எண்ணெய் இந்தக் கணக்கில் வராது.

ஏன் இந்த இரண்டு என்றால், தோலின் மேலடுக்கு செங்கற்சுவர் மாதிரி. செல்கள் செங்கல், நடுவே உள்ள கொழுப்பு சாந்து. சூரியகாந்தி எண்ணெயில் அதிகமாக உள்ள லினோலெயிக் அமிலம் அந்தச் சாந்து உருவாக உடம்புக்குத் தேவைப்படுகிற ஒன்று. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அது சீக்கிரம் காறுவதில்லை. ஆலிவ் எண்ணெயில் மிகுதியாக இருப்பது ஒலெயிக் அமிலம், அது சாந்தைத் தளர்த்துகிறது. குழந்தைக்கு நல்லது என்று நினைத்து ஆலிவ் வாங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். சூரியகாந்தியிலும் ‘ஹை ஒலெயிக்’ என்று எழுதிய வகை உண்டு, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 115 பச்சிளங்குழந்தைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சிலருக்கு ஆலிவ், சிலருக்குச் சூரியகாந்தி, சிலருக்கு எதுவுமில்லை என்று நாலு வாரம் பார்த்தார்கள். எண்ணெய் தடவிய இரு குழுக்களிலும் தோலின் ஈரப்பதம் கூடியது. ஆனால் அந்தச் சாந்து ஒழுங்காக அடுக்கி அமைவது, எதுவும் தடவாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் பின்தங்கியது. ஆகவே ஆரோக்கியமான தோலுக்கு எண்ணெய் கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். தேய்த்துவிடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறது, குழந்தையும் அதை அனுபவிக்கிறாள் என்றால் குறைந்த அளவில், சாதுவான எண்ணெயில் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நல்லெண்ணெயே கூடாதா என்று கேட்பீர்கள். மூலிகை எதுவும் போடாத நல்லெண்ணெய் பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் செக்கில் ஆட்டியதில் எள்ளின் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். எள், வேர்க்கடலை, பாதாம் மூன்றுமே ஒவ்வாமை வரவைக்கிற பொருட்கள். தோல் வெடித்தோ கரப்பானாகவோ இருக்கும்போது இவற்றின் எண்ணெய் அதன் வழியே உள்ளே போனால் பின்னால் அந்த உணவுக்கே ஒவ்வாமை வர வாய்ப்பு கூடுகிறது. உங்கள் குழந்தையின் தோல் இப்போது பொடித்திருப்பதால் நல்லெண்ணெய் இப்போதைக்கு வேண்டாம்.

ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் முறைக்கு வருகிறேன். தோல் முழுதாக ஆறிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரே ஒரு புது எண்ணெய். அந்த வாரத்தில் சோப்பு, பவுடர், துணி துவைக்கும் தூள் எதையும் மாற்றக் கூடாது, மாற்றினால் எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும். இடமாகக் குழந்தையின் ஒரு தொடையின் வெளிப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முழங்காலுக்கு இரண்டு விரல் மேலே. கை வேண்டாம், இந்த வயதில் கை நேரே வாய்க்குப் போகும். அரையாடை படுகிற இடமும் வேண்டாம். காலையில் வெறும் தண்ணீரில் அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயை ஒரு நாணயம் அளவுக்குத் தடவி விடுங்கள். பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டாம், மூடினால் வியர்வையே எரிச்சலைக் கிளப்பும். அதே நேரத்தில் மற்றத் தொடையில் அதே இடத்தில் எதுவும் தடவாமல் விட்டுவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உங்களுக்குக் கண்ணாடி.

அரை மணி நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். உடனடி ஒவ்வாமை என்றால் கொசு கடித்தது போல் தடித்து எழும்பும். உதடு, கண் இமை வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அது அவசரம். பிறகு மாலையில் பாருங்கள், மறுநாள் காலையில் பாருங்கள். தாமதமாக வருகிற ஒவ்வாமை அரை மணியில் தெரியாது, இரண்டு நாள் கழித்து மூன்றாம் நாள்கூட வரும். அதனால் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே இடத்தில் ஒரு சொட்டு தடவி, நாலாம் நாள் காலை வரை பாருங்கள். தினமும் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தொடையையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால் நாள் போனாலும் ஞாபகக் குழப்பம் வராது.

பார்ப்பது என்று சொன்னேன், ஆனால் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. போன வருடம் ஒரு நாலு மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். நல்லெண்ணெயை இதே முறையில் சோதித்துப் பார்த்திருந்தார் அந்தத் தாய். முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் படத்தில் இரண்டு தொடைகளும் ஒரே மாதிரி இருந்தன. ‘டாக்டர், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, ஆனா தொட்டா அட்டையில தேய்ச்ச மாதிரி இருக்கு’ என்றார். கண்ணை மூடிக்கொண்டு நானும் இரண்டு தொடைகளிலும் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். ஒன்று வழவழவென்று இருந்தது. மற்றதில் அந்த நாணய அளவு வட்டத்தில் மட்டும் மண் ஒட்டியது போல் பொடி. அவர் விரல் சொன்னதுதான் சரி. ஆகவே தினமும் விரலால் தடவியும் பாருங்கள். அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட லேசாகக் கறுத்தோ ஊதா சாயலோடோ இருந்தாலும், குழந்தை காலை அங்கே உரசிக்கொண்டே இருந்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. எண்ணெயை நிறுத்தி, தோல் ஆற ஒரு வாரம் விட்டு, தேங்காய் எண்ணெயைச் சோதித்தார்கள். நாலு நாளும் சுத்தம். ஒரு மாதம் தேய்த்தார்கள், ஒன்றுமில்லை. அப்புறம் திடீரென்று மறுபடி பொடி. ‘அதே தேங்காய் எண்ணெய்தான்’ என்று பாட்டி சத்தியம் செய்தார். கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி மூக்கருகே பிடித்துப் பார்த்தேன், மெல்லிய கற்பூர வாசனை வந்தது. பழைய புட்டி தீர்ந்துபோய், வீட்டில் தலைக்குத் தடவ வைத்திருந்த இன்னொரு புட்டியிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். பேன் வராமலிருக்க அதில் யாரோ ஒரு கற்பூரத் துண்டைப் போட்டுவைத்திருந்தார்கள். பாட்டி பொய் சொல்லவில்லை. அவருக்கு அது தேங்காய் எண்ணெய்தான். புதுப் புட்டி திறக்கும்போதெல்லாம் ஒரு சொட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். குழந்தைக்கென்று ஒரு சிறிய புட்டி தனியாக, மூடியில் பெயரெழுதி, வெயிலும் வெளிச்சமும் படாத இடத்தில் இருக்கட்டும். காறல் வாசனை வந்துவிட்டால் சோதனையே வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

நாலு நாளும் தொடை சுத்தமாக இருந்தால் உடனே உடம்பு முழுக்கப் போகாமல், இரண்டு நாள் ஒரு காலுக்கு மட்டும் தேய்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. தோல் ஒத்துக்கொள்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். காய்ச்சிய எண்ணெயைத் தொடையில் தடவி ஒன்றும் வரவில்லை என்றால் அது பத்திரம் என்று ஆகிவிடாது. கற்பூரம் தோலில் ஒரு தடமும் காட்டாமல் உள்ளே போகும். ஒரு சொட்டில் தெரியாதது உடம்பு முழுக்கத் தேய்த்தால் தெரியும். வெயில் காலத்தில் அதிக எண்ணெய் வியர்வைத் துவாரத்தை அடைத்து வேர்க்குரு வருவதையும் இந்தச் சோதனை காட்டாது.

அளவு: உடம்பு முழுக்க ஒரு டீஸ்பூன் போதும். எண்ணெயை அடுப்பில் வைக்காதீர்கள், கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் வெதுவெதுப்பாகும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு தெரியாவிட்டால் சரி. பால் குடித்து அரை மணியாவது ஆகட்டும். மூக்கில், காதில், தொப்புளில், கண்ணில் எண்ணெய் விடவே கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக மாறிய குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், அது ஆற நாளாகும். மார்பைப் பிதுக்கும் வழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம், சீழ் கட்டும். காய்ச்சல் இருக்கும் நாளிலும், தடுப்பூசி போட்ட இடத்திலும் தேய்க்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால் இதெல்லாம் தொடங்குமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். அவர் இழக்கப் போவது என்ன என்று பாருங்கள். காய்ச்சுகிற வேலை மட்டும்தான் போகிறது. காலை நேரம், மடியில் குழந்தை, அவர் கை, அவர் பாடுகிற பாட்டு எல்லாமே அப்படியே இருக்கும். ‘அத்தை, டாக்டர் மூலிகை வேண்டாம்னு சொல்லிட்டார், தேய்க்கிறது நீங்கதான் தேய்க்கணுமாம்’ என்று என் பெயரில் சொல்லிவிடுங்கள், கோபம் என்மேல் வரட்டும். நாலு நாள் சோதனையில் தடவிப் பார்க்கும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். இத்தனை குழந்தைகளை வளர்த்த விரல் அது. இரண்டு தொடைக்கும் உள்ள வித்தியாசம் உங்களைவிட முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.